ஆய்வுக் கட்டுரையைப் பேச்சாக்கும்போது வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

கொடைக்கானலில் நடக்கும் சூழலியல் கருத்தரங்குகளில் அரங்கில் இருப்பவர்கள் எல்லோரும் ஆய்வாளர்கள் இல்லை. பூம்பாறை, மன்னவனூர் பக்கத்து விவசாயிகள், பள்ளி ஆசிரியர்கள், வனத்துறைப் பணியாளர்கள், தங்கும் விடுதி நடத்துபவர்கள் என்று பலரும் வந்து உட்காருகிறார்கள். மேடையேறுபவர் கையில் இருப்பதோ சக ஆய்வாளர்களுக்காக எழுதிய கட்டுரை. அதிலிருந்து பேச்சுக்குறிப்பு தயாரிக்க உதவிவருகிறேன். ஒரே வகைக் கோளாறுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. உங்கள் குறிப்பில் எந்த அறிகுறி தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் சுலபமாகச் சரியாகும் காரணம் முதலில், அதிக வேலை வைப்பது கடைசியில்.

எல்லாவற்றுக்கும் ஒரே கட்டுரையை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். கொடைக்கானலை உள்ளடக்கிய பழனி மலைத்தொடரின் புல்வெளிகள் பற்றி 2018ல் பிளாஸ் ஒன் இதழில் வந்த ஆய்வு அது. செயற்கைக்கோள் படங்களையும் களத்தில் நேரில் பார்த்ததையும் வைத்து 40 ஆண்டு மாற்றத்தை அளந்திருக்கிறார்கள். இயற்கைப் புல்வெளியில் 66 சதவீதமும், சோலைக்காடு எனப்படும் இயற்கை மலைக்காட்டில் 31 சதவீதமும் போய்விட்டன என்பது முடிவு. போன புல்வெளியில் பெரும்பகுதியை நட்டு வளர்த்த மரங்களும், அதைவிடக் குறைந்த பகுதியை விவசாயமும் பிடித்துக்கொண்டன. ஒரு காலத்தில் மலையில் மிகுதியாகவும் தொடர்ச்சியாகவும் இருந்த புல்வெளி, இப்போது மிகக் குறைவாகவும் துண்டு துண்டாகவும் கிடக்கும் நிலவகைகளில் ஒன்று.

அறிகுறி: பாதி நேரம் போயும் விஷயம் வரவில்லை

குறிப்பின் தலைப்புகளை மட்டும் வரிசையாக வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். அறிமுகம், ஆய்வுப் பகுதி, முறைகள், முடிவுகள், விவாதம் என்று வருகிறதா? அப்படியானால் கட்டுரையின் வரிசையே குறிப்பிலும் ஏறிவிட்டது. அடிக்கடி வருவதும் எளிதில் தீர்வதும் இந்தக் காரணம்தான். கட்டுரையைப் படிப்பவர் பக்கத்தைப் புரட்டி முடிவுக்குத் தாவிவிடுவார். அரங்கில் உட்கார்ந்தவருக்கு அந்த வசதி இல்லை. நீங்கள் சொல்லும்வரை அவர் காத்திருந்தாக வேண்டும்.

ஒவ்வொரு தலைப்பையும் வினையோடு முடியும் ஒரு முழு வாக்கியமாக மாற்றுங்கள். ‘முடிவுகள்’ என்ற தலைப்பிலிருந்து கேட்பவருக்கு எதுவும் கிடைக்காது. ‘40 ஆண்டில் மூன்று பங்கு புல்வெளியில் இரண்டு பங்கு போய்விட்டது’ என்பதைக் கேட்டால் செய்தியே கையில் வந்துவிடும். இப்படி எல்லாவற்றையும் எழுதிவிட்டு, முதல் இரண்டு நிமிடத்துக்குள் சொல்ல வேண்டிய வாக்கியம் எது என்று பாருங்கள். பெரும்பாலும் அது நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ இருக்கும். அதை மேலே கொண்டுபோங்கள்.

மேலே கொண்டுபோக எந்த வாக்கியத்தை எடுப்பது என்றே தெரியவில்லை என்றால், கட்டுரையின் முன்னுரையிலிருந்து குறிப்பு எடுத்திருப்பீர்கள். முன்னுரை எழுதப்படுவது மற்ற ஆய்வுகளுக்கு நடுவே தன் இடத்தைக் காட்டுவதற்காக. உங்களுக்கு வேண்டியது அங்கே இருக்காது. சுருக்கத்தின் பிற்பாதி, விவாதப் பகுதியின் முதல் பத்தி, மிக முக்கியமான படத்தின் கீழே உள்ள விளக்கம் ஆகிய மூன்றை மட்டும் படித்து, கட்டுரையை மூடி வைத்துவிட்டு, நினைவிலிருந்து ஒரே வாக்கியம் எழுதுங்கள்.

ஒரே வாக்கியத்தில் அடங்கவே மாட்டேன் என்கிறதா? அப்போது கட்டுரைக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட பேச்சுகள் இருக்கின்றன. நம் எடுத்துக்காட்டில் மூன்று: எவ்வளவு போயிற்று, எந்த வடிவத்தில் போயிற்று, எதை முதலில் காப்பாற்றுவது. வனத்துறையினர் அதிகம் இருக்கும் அரங்கில் மூன்றாவதைப் பேச்சாக்கி, முதலாவதை அதற்கு ஆதாரமாக வைக்கலாம். ஆசிரியர்கள் நிறைந்த அரங்கில் முதலாவது மட்டுமே போதும். எதை விடுவது என்று முடிவெடுப்பதுதான் இங்கே கடினமான வேலை. ஆய்வு செய்தவருக்கு எல்லாமே முக்கியமாகத் தெரியும். ஆகவே இந்த முடிவை எடுக்கும்போது அரங்கில் இருக்கப்போகும் ஒரே ஒரு ஆளை மனதில் வைத்துக்கொள்ளச் சொல்வேன்: மறுநாள் காலை அவர் எதை வேறு மாதிரிச் செய்ய வேண்டும்?

அறிகுறி: கேட்டவர் திருப்பிச் சொல்வது தவறாக இருக்கிறது

இதைக் கண்டுபிடிக்க ஒரே சோதனைதான் உண்டு. துறை சாராத ஒருவரிடம் குறிப்பை மூன்று நிமிடத்தில் சொல்லுங்கள். டீக்கடைக்காரர், ஜீப் ஓட்டுநர், உங்கள் அத்தை, யாராக இருந்தாலும் சரி. உடனே ‘புரிந்ததா’ என்று கேட்கக் கூடாது. எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். மறுநாள் பார்க்கும்போது, ‘நேற்று நான் சொன்னதை இன்னொருவருக்கு எப்படிச் சொல்வீர்கள்?’ என்று கேளுங்கள். அவர் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். நடுவில் திருத்தாதீர்கள். எந்தத் தவறு வருகிறதோ அதைப் பொறுத்துக் கீழே பிரித்திருக்கிறேன்.

*‘காடு அழிகிறது, நிறைய மரம் நட வேண்டும்’ என்கிறார்*

இந்தக் கட்டுரையைப் பொறுத்தவரை இதைவிட ஆபத்தான தவறு இல்லை. மலையில் அதிகம் இழந்தது புல்வெளி. மரம் நட்டதே அதற்கு முதல் காரணம். நல்ல எண்ணத்தோடு அரங்கை விட்டுப் போகிறவர், மிச்சமிருக்கும் புல்லிலும் குழி தோண்டப் போனால் பேசியவருடைய உழைப்பு எதிர்த் திசையில் வேலை செய்துவிடும். எனக்கு இந்த ஒரு அறிகுறியைப் பார்த்தாலே பதற்றம் வரும்.

எளிய காரணம், குறிப்பில் சோலையும் புல்வெளியும் ஒரே வரியில் வருவது. ‘சோலை, புல்வெளி ஆகியவை அழிந்தன’ என்றால் கேட்பவர் காதில் சோலைதான் தங்கும், ஏனென்றால் காடு என்றால் மரம் என்றே பள்ளியிலிருந்து கேட்டுவருகிறோம். இரண்டையும் தனி வாக்கியமாக்கிப் புல்வெளியை முதலில் வையுங்கள். பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும்.

ஆகவில்லை என்றால், கேட்பவர் மனதில் ஏற்கெனவே உள்ள நம்பிக்கையைக் குறிப்பு தொடவே இல்லை என்று பொருள். புல்வெளியை அவர் சும்மா கிடக்கும் நிலமாகப் பார்க்கிறார். அதை நேரடியாக எடுத்துச் சொல்ல ஒரு நிமிடம் ஒதுக்குங்கள்: ‘மேல்மலையில் மரமில்லாத சரிவைப் பார்த்தால் யாரோ வெட்டிவிட்டார்கள் என்று நினைப்போம். பல இடங்களில் அங்கே மரமே இருந்ததில்லை. புல்லும் சோலையும் அடுத்தடுத்து இருப்பதுதான் இந்த மலையின் இயல்பு.’ அதற்கு மலைவாசிகள் கையில் ஆதாரமும் இருக்கிறது. நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது திறந்த புல் சரிவுகளில்தான் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

*‘97 சதவீதம் போய்விட்டது’ என்கிறார்*

அறுபத்தாறையும் முப்பத்தொன்றையும் கூட்டிவிட்டார். குற்றம் அவருடையதல்ல, இரண்டு சதவீதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கூட்டத் தோன்றும். 66 என்பது முன்பு இருந்த புல்வெளியை நூறு பங்காக்கினால் அதில் 66 பங்கு. 31 என்பது முன்பு இருந்த சோலையை நூறு பங்காக்கினால் அதில் 31 பங்கு. அடித்தளம் வேறு வேறு என்பதால் கூட்ட முடியாது.

சரிசெய்ய, சதவீதத்தைப் பேச்சிலிருந்து எடுத்துவிட்டு எதில் எவ்வளவு என்று சொல்லுங்கள். ‘அன்று மூன்று ஏக்கர் புல் இருந்த இடத்தில் இன்று ஒரு ஏக்கர்தான் இருக்கிறது. சோலை பத்து ஏக்கர் இருந்த இடத்தில் ஏழு ஏக்கர் இருக்கிறது.’ இது தோராயம்தான். ஆனால் உண்மை மாறவில்லை, கூட்டவும் தோன்றாது. சரியான எண்களைத் திரையில் சிறிய எழுத்தில் காட்டினால் போதும்.

சோதனை: குறிப்பில் எங்கெல்லாம் சதவீதம் வருகிறதோ அங்கெல்லாம் ‘எதில்?’ என்று பென்சிலால் எழுதிப் பதிலை நிரப்புங்கள். நிரப்ப முடியாத எண்ணைத் தயங்காமல் நீக்கிவிடுங்கள்.

*‘தோட்டக்காரர்கள்தான் காரணம்’ என்கிறார், அல்லது அரங்கே கோபப்படுகிறது*

கட்டுரையில் வருவது நட்டு வளர்த்த மரக்காடு: வாட்டில் எனப்படும் சீகை, யூகலிப்டஸ், பைன். அதைத் ‘தோட்டம்’ என்று மொழிபெயர்த்துவிட்டால், கேரட்டும் உருளைக்கிழங்கும் பூண்டும் போட்டிருப்பவர் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வார். அதன் பிறகு நீங்கள் சொல்லும் எதுவும் அவர் காதில் ஏறாது. மரத்தின் பெயரைச் சொல்லிவிடுங்கள். ‘சீகையும் யூகலிப்டஸும் நட்ட இடங்கள்’ என்றால் எல்லோருக்கும் எது என்று தெரியும்.

விவசாயத்துக்கும் பங்கு இருக்கிறது என்று கட்டுரை சொல்கிறது. அதை மறைக்க வேண்டாம். பெரிய காரணத்தை முதலில் சொல்லிவிட்டு, இதை அதன் அளவோடு அடுத்த வாக்கியத்தில் சொன்னால் பெரும்பாலானோர் ஏற்றுக்கொள்கிறார்கள்.

அறிகுறி: ‘இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?’ என்ற கேள்வி விடாமல் வருகிறது

இரண்டு எதிரெதிர்க் காரணங்கள் உண்டு. முறைகள் பகுதியை முழுவதுமாக நீக்கியிருக்கலாம். அல்லது முழுவதையும் அப்படியே வைத்து, வகைப்படுத்தும் கணக்கு, துல்லிய அட்டவணை என்று எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். இரண்டிலும் கேட்பவருக்கு நம்ப வழி கிடைக்காது.

அவருக்கு வேண்டியவை மூன்று பதில்கள்: எதைப் பார்த்தீர்கள், எதோடு ஒப்பிட்டீர்கள், நேரில் போய்ப் பார்த்தீர்களா. நம் எடுத்துக்காட்டுக்கு இப்படி எழுதலாம்: ‘வானிலிருந்து எடுத்த பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு இடமும் புல்லா, சோலையா, நட்ட மரமா, பயிரா என்று பிரித்தார்கள். நேரில் போயும் பார்த்தார்கள்.’ பேச்சில் இதற்கு மேல் தேவையில்லை. ஒரே அளவில் இரண்டு வரைபடங்களை அருகருகே காட்டினால், அரைப் பேச்சை அவையே பேசிவிடும். வரைபடத்தில் பேரிஜம் ஏரியையோ கொடைக்கானல் ஊரையோ தமிழில் குறித்துவையுங்கள். தன் ஊர் எங்கே என்று தெரியாத வரைபடத்தை யாரும் பார்ப்பதில்லை.

மேல்மலையில் தவறாமல் வரும் இன்னொரு கேள்வி: ‘அந்தப் படத்தில் என் நிலம் தெரியுமா?’ பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட ஆய்வுகளில் அதிகம் பயன்படும் லாண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களில் ஒரு புள்ளி தரையில் 30 மீட்டருக்கு 30 மீட்டர், அதாவது 900 சதுர மீட்டர். ஏறக்குறைய 22 சென்ட். அதைவிடச் சிறிய துண்டு தனியாகத் தெரியாது. 1970களின் படங்களில் புள்ளி இன்னும் பெரியது. சென்ட் கணக்கில் சொன்னதும் கேட்டவருக்கு ஆய்வின் பலமும் எல்லையும் ஒன்றாகப் புரிந்துவிடும். உங்கள் கட்டுரை எந்தப் படத்தைப் பயன்படுத்தியது என்று முறைகள் பகுதியில் பார்த்து, அதற்கேற்ற அளவைச் சொல்லுங்கள்.

அறிகுறி: ‘இருக்கலாம்’ எல்லாம் காணாமல் போயிற்று, அல்லது எங்கும் ‘இருக்கலாம்’ மட்டுமே இருக்கிறது

கட்டுரையில், புல்வெளியை நட்ட மரம் பிடித்த இடங்களின் அமைப்பு, விவசாயம் பிடித்த இடங்களின் அமைப்பிலிருந்து வேறுபடுகிறது என்கிறார்கள். நட்ட மரங்கள் தாமாகப் பரவியது இதற்குக் காரணமாக இருக்கக்கூடும் என்று சேர்க்கிறார்கள். முதலாவது அளந்தது. இரண்டாவது அதிலிருந்து ஊகித்தது. எளிமையாக்கும்போது இரண்டும் ஒரே குரலில் வந்துவிடும்.

குறிப்பில் அளந்த வாக்கியங்களுக்கு ஒரு நிறமும் ஊகித்தவற்றுக்கு வேறு நிறமும் பூசுங்கள். அளந்தவற்றில் தயக்கச் சொல் எதுவும் வேண்டாம், நேராகச் சொல்லுங்கள். ஊகித்தவற்றில் ஒரே ஒரு தயக்கச் சொல் இருந்தால் போதும். ‘ஒருவேளை இருக்கக்கூடும் என்று கருத இடமுண்டு’ என்று மூன்றை அடுக்கினால் கேட்பவர் மொத்த ஆய்வையும் சந்தேகிப்பார்.

ஊகத்துக்குத் துணையாக, வேறு வழியில் உறுதியாகத் தெரிந்த ஒன்று இருந்தால் சேர்க்கலாம். சீகை விதை மண்ணுக்குள் பல ஆண்டு உயிரோடு கிடக்கும், தீ பட்டால் கும்பலாக முளைக்கும். மேல்மலை விவசாயிகள் இதைக் கண்ணால் பார்த்தவர்கள். ஆனால் இது அந்தக் கட்டுரை அளந்ததல்ல என்பது உங்கள் வாக்கியத்திலேயே தெரிய வேண்டும்.

அறிகுறி: நேரத்துக்குள் முடியவில்லை

வேகமாகப் பேசிப் பார்க்காதீர்கள். 15 நிமிடம் கொடுத்திருந்தால் 12 பேச்சுக்கு, 3 கேள்விக்கு. கைபேசியில் நேரம் வைத்து, நின்றுகொண்டு, வாய்விட்டுப் பேசிப் பாருங்கள். மனதுக்குள் படித்தால் எப்போதும் குறைவாகவே காட்டும்.

அதிகமானால் முதலில் போக வேண்டியது பின்னணி, அடுத்து இரண்டாவது எடுத்துக்காட்டு, அடுத்து நன்றியுரைப் பட்டியல். பழனி மலைக் கட்டுரைக்கு 12 நிமிடக் குறிப்பு என்றால் நான் இப்படிப் பிரிப்பேன். முதல் ஒன்றரை நிமிடம் கேள்வி: 40 ஆண்டுக்கு முன் மேல்மலையில் எது அதிகம் இருந்தது? அடுத்த ஒரு நிமிடத்தில் பதில், மூன்று ஏக்கரில் ஒன்று என்ற வாக்கியத்தோடு. இரண்டு வரைபடங்களையும் ‘எப்படித் தெரியும்’ என்பதையும் இரண்டரை நிமிடத்தில் முடிக்கலாம். புல் எங்கே போயிற்று என்பதற்கு மூன்று நிமிடம். சீகையும் யூகலிப்டஸும் முதலில், விவசாயம் பிறகு, தானாகப் பரவியிருக்கலாம் என்ற ஊகம் கடைசியில். மீதி நான்கு நிமிடமும் ‘அதனால் என்ன’ என்பதற்கு: அயல் மரங்களை அகற்றிவிட்டுச் சோலை மரம் வளர்ப்பதில்தான் அப்போதைய மேலாண்மைத் திட்டம் அழுத்தம் கொடுத்தது என்று கட்டுரை சொல்கிறது, மிச்சமிருக்கும் புல்வெளித் துண்டுகளை முதலில் காக்க வேண்டும், புல்வெளியைப் புல்வெளியாகவே மீட்க வேண்டும் என்று அது கேட்கிறது.

பெரும்பாலான குறிப்புகளில் இந்தக் கடைசிப் பகுதிக்கு முப்பது விநாடிதான் மிஞ்சுகிறது. ஆகவே பேச்சைக் கடைசியிலிருந்து எழுதத் தொடங்குங்கள்.

எப்போது வேறொருவரை அழைக்க வேண்டும்

மேலே சொன்னவை குறிப்பின் கோளாறுகள். கட்டுரையையே நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்ற சந்தேகம் வந்தால் குறிப்பைத் திருத்திப் பயனில்லை. முக்கிய வாக்கியத்தை இருவர் படித்து இரண்டு விதமாகப் பொருள் சொன்னால், ஒரு வேறுபாடு உண்மையானதா தற்செயலா என்பது அட்டவணையைப் பார்த்தும் உங்களுக்குப் பிடிபடவில்லை என்றால், அல்லது எளிமையாக்கிய வாக்கியம் கட்டுரை சொல்லாத ஒரு காரணத்தைச் சொல்கிறது என்று பட்டால், அதோடு நிறுத்துங்கள்.

முதலில் எழுத வேண்டியது கட்டுரையில் மின்னஞ்சல் கொடுத்திருக்கும் ஆசிரியருக்கு. ‘உங்கள் கட்டுரையை விளக்க முடியுமா’ என்று கேட்டால் பதில் வர நாளாகும். நீங்கள் மேடையில் சொல்லப்போகும் ஐந்து வாக்கியங்களை அனுப்பி, ‘இதில் எது தவறு?’ என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்ல அவருக்குச் சில நிமிடமே ஆகும். எண் சார்ந்த சந்தேகத்துக்கு அருகிலுள்ள கல்லூரியில் புள்ளியியல் ஆசிரியர் ஒருவரைப் பிடியுங்கள். முழுக் கட்டுரையோடு போகாமல், குழப்பும் அந்த ஓர் அட்டவணையோடு போங்கள்.

நிலம், வெட்டு, நடவு பற்றி ‘இனி இப்படிச் செய்யுங்கள்’ என்று சொல்லும் வாக்கியம் குறிப்பில் இருந்தால், மேடையேறும் முன் வனத்துறை அலுவலர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். காப்புக்காட்டில் சீகையே ஆனாலும் அனுமதியில்லாமல் வெட்டுவது குற்றம். அதைச் சொல்லாமல் விட்டால், உங்கள் பேச்சை நம்பி அரிவாளோடு போகிற ஒருவர் சிக்கிக்கொள்வார்.